முப்பது எழுத்துக்குள் செல்வாம்பாள்

அந்த மெசேஜ் எழுபது எழுத்துக்குள் அடங்கிய அன்றைக்கு பிரவீணா நாற்காலியில் உட்காரவே இல்லை. மாடிப்படி இறங்கிப் போய் டீ வாங்கி வந்தாள், பாதி டீயை வைத்துவிட்டு மறுபடியும் திரைக்கு வந்து எண்ணிப் பார்த்தாள், அனஸ் பாயைக் கூப்பிட்டு அவரையும் எண்ணச் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நீ எண்ணினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்ஃபோன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது முகமது அனஸின் ஆபீஸ். துபாயில் எட்டு வருஷம் இருந்துவிட்டு லப்பைக்குடிக்காடு திரும்பியவர், ஊரில் எல்லாரும் போடுவதுபோல் ஜவுளிக்கடை போடாமல் இந்தத் தொழிலைப் போட்டார். பள்ளிக்கூடத்து லீவு, பல் டாக்டரின் தேதி, நகைக்கடையின் பிறந்தநாள் வாழ்த்து என்று ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் மெசேஜ் அனுப்பித் தரும் வேலை. அனுப்புவதெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும். எழுதுவதுதான் வேலை, அதைப் பார்ப்பவள் பிரவீணா.

எழுதுவதென்றால் நினைத்தபடி எழுத முடியாது. முதலில் ஒரு மாதிரி வாசகம் தயார் செய்து டெலிகாம் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் பெயர், தொகை, தேதி இவற்றுக்கு மட்டும் அந்த வாசகத்தில் காலியிடம் விடலாம். அங்கிருந்து ஒப்புதல் வந்தபின் காலியிடத்தைத் தவிர மற்றதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் மெசேஜ் வழியிலேயே தடுக்கப்பட்டுவிடும். காலியிடத்துக்கும் அளவு உண்டு, ஒன்றுக்கு முப்பது எழுத்து. அதற்கு மேல் போனாலும் தடுத்துவிடும். தமிழில் மொத்த மெசேஜும் எழுபதுக்குள் இருந்தால் ஒன்றாகக் கணக்கு, எழுபதைத் தாண்டினால் இரண்டு மெசேஜுக்கான காசு.

இதில் பிரவீணாவை முதல் மாசமே கிறுகிறுக்க வைத்த சங்கதி ஒன்று உண்டு. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து வேறு, ஃபோன் எண்ணும் எழுத்து வேறு. 'ல்' நமக்கு ஒரு எழுத்து. ஃபோனுக்கு 'ல' ஒன்று, மேலே இருக்கிற புள்ளி இன்னொன்று. 'செ' என்றால் 'ச' ஒன்று, கொம்பு ஒன்று. புள்ளியும் கொம்பும் காலும் சுழியும் தனித்தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் ஏறும். அதனால் பஸ்ஸில் போகும்போது கடை போர்டுகளையெல்லாம் அவள் அந்தக் கணக்கில்தான் படித்துக்கொண்டு போனாள்.

மதகடி உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஜெயங்கொண்டம் ரோட்டில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் பங்கு போட்டு ஆரம்பித்த கம்பெனி, உறுப்பினர்களின் நெல்லை வாங்கிக் கிடங்கில் வைத்து நல்ல விலைக்கு விற்றுத் தரும். போன வருஷம் கிடங்கு வாசலில் யார் முதலில் என்று டிராக்டரோடு டிராக்டர் மோதி, கேட் உடைந்து, போலீஸ் வந்துவிட்டது. அதனால் இந்த வருஷம் மேனேஜர் சுதர்சன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். உறுப்பினரின் பேர், எத்தனை மூட்டை, எந்த நாள் என்று மூன்றையும் போட்டு மெசேஜ் போகும். அந்த மெசேஜைக் காட்டினால்தான் கேட் திறக்கும். முறை தவறினால் வரிசையில் கடைசி. எவருக்கும் சலுகை கிடையாது.

சுதர்சன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மெசேஜ் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். பிரவீணா முதலில் எழுதியதில் பேருக்குப் பின்னால் 'அவர்கள்' இருந்தது. பேர் முப்பது, மூட்டை மூன்று, தேதி ஐந்து என்று பெரிய அளவில் போட்டுப் பார்த்தால் எழுபத்து நாலு வந்தது. நாலு கூடுதல். 'கிடங்கு', 'கொள்முதல்' போன்ற சொற்களை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது 'அவர்கள்' மட்டும். முன்னால் இருக்கும் இடைவெளியோடு சேர்த்து அது எட்டு இடம் பிடித்தது. அதைத் தூக்கினாள். அறுபத்தாறு.

பேர் போட்டுப் புள்ளி, 'நெல்' போட்டு எண், 'மூட்டை' போட்டுப் புள்ளி, 'நாள்' போட்டுத் தேதி, கடைசியில் 'மதகடி'. ஒப்புதல் வந்ததும் தன் பேரைப் போட்டு ஒன்று அனுப்பிப் பார்த்தாள், சுதர்சன் பேரைப் போட்டு ஒன்று. இரண்டும் அழகாகப் போய்ச் சேர்ந்தன.

பொங்கல் முடிந்து நிஜப் பட்டியலை ஏற்றியதும் கொஞ்சம் மெசேஜ்கள் போகாமல் நின்றன. பார்த்தால் அந்தப் பேர்களெல்லாம் முப்பதைத் தாண்டியிருந்தன. சுதர்சன் நாளைக்கே முறை ஆரம்பம் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பிரவீணா சாஃப்ட்வேரில் ஒரு டிக் போட்டாள். பேர் முப்பதுக்கு மேல் போனால் முப்பதோடு வெட்டிவிடு என்கிற டிக். நின்ற மெசேஜ்களெல்லாம் சரசரவென்று கிளம்பிப் போயின. எல்லாவற்றுக்கும் எதிரில் 'சேர்ந்தது' என்று பச்சை எழுத்து. அவள் அன்றைக்கு ஆறு மணி பஸ்ஸுக்கே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இளவரசன் அனுப்பிய படம் அடுத்த வாரம் வந்தது. அவன் மதகடி கம்பெனியில் களப்பணியாளர், ஊர் ஊராகப் பைக்கில் சுற்றுகிறவன். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் ஒரு அம்மா முறைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்கப் போனால் பேசவே மாட்டேன் என்கிறார். கடைசியில் ஃபோனைத் தூக்கி அவன் கையில் கொடுத்திருக்கிறார். அந்தத் திரையைத்தான் படம் பிடித்து அனுப்பியிருந்தான். கீழே, "மேடம் இத கொஞ்சம் பாருங்க" என்று மட்டும்.

'காலஞ்சென்ற சாமிதுரை மனைவி செல். நெல் 42 மூட்டை. நாள் 21-01. மதகடி'

பிரவீணா ஒரு தடவை படித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை, எண்ணிக்கைதான் கண்ணில் பட்டது. அறுபத்தைந்து, சரியாகத்தானே இருக்கிறது. இரண்டாம் தடவை படிக்கும்போது 'செல்' என்பதிலும் அதற்குப் பின்னால் நின்ற புள்ளியிலும் கண் நின்றது. பட்டியலைத் திறந்து பார்த்தாள். காலஞ்சென்ற சாமிதுரை மனைவி செல்வாம்பாள். புருஷன் பேரிலிருந்த பங்கு மனைவி பேருக்கு மாறும்போது பத்திரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். முப்பதில் வெட்டியதும் வாம்பாள் போய், செல் மட்டும் நின்றுவிட்டது.

இளவரசனுக்குப் போன் போட்டாள். அவன் சொன்னதைக் கேட்கக் கேட்க இன்னும் சங்கடமானது. சாமிதுரை ஆவணியில் இறந்துபோனார், லாரி மோதி. பிள்ளை குட்டி இல்லை. கொழுந்தன் அறிவரசன் அன்றையிலிருந்து, அண்ணன் போயாச்சு, இனி இங்கே உனக்கு என்ன இருக்கு, பிறந்த ஊருக்குப் போய்ச் சேர் என்று நேரிலும் ஆள் விட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தம்மா காதில் வாங்காமல் தானே சேறடித்து, நடவு போட்டு, அறுத்துக் களத்தில் அடுக்கியும் வைத்துவிட்டது. அறிவரசனும் கம்பெனியில் உறுப்பினர், கூட்டத்துக்கெல்லாம் முன்வரிசையில் உட்காருகிறவன்.

"கம்பெனியும் அவன் பக்கம் சேந்துடுச்சுன்னு நெனச்சுருக்கு மேடம். நெல்லு வெட்டவெளியில கெடக்கு. முந்தாநாள் ராத்திரியே ஒரு மழ ஊத்திடுச்சு. இன்னிக்கு சாயந்தரமும் வரும்போல இருக்கு."

பிரவீணா அனஸ் பாயின் மேஜைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டிக் போட்டது, சோதனைக்குச் சின்னப் பேர்களை மட்டும் போட்டுப் பார்த்தது, எதையும் விடவில்லை. அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார், "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

"காலஞ்சென்றன்னு ஆரம்பிக்கிறது எல்லாமே வெட்டுப்பட்டிருக்கு பாய். இருவதுக்கு மேல இருக்கும்."

"நீ கெளம்பு. அந்தம்மாவ நேர்ல பாரு. மேனேஜர்ட்ட நான் பேசுறேன், தப்பு நம்மளதுன்னு எழுதியே கொடுத்துடுறேன்."

"கான்ட்ராக்ட் போயிடும் பாய்."

"போனா போகட்டும். ரிஸ்க் அல்லா கையில. ஒரு பொம்பளையோட நெல்லு நனையுது, நீ கான்ட்ராக்ட்ட பேசுற."

அரியலூரில் இறங்கி ஜெயங்கொண்டம் பஸ் பிடித்தாள். வழியெல்லாம் சிமென்ட் லாரி, சாலையோரத்து வேப்பிலை வெள்ளையாகக் கிடந்தது. முந்திரிக்காடு ஆரம்பித்ததும் வெளிச்சம் மங்கியது. மேகம் கிழக்கே திரண்டு நின்றது. மடியில் லேப்டாப்பைத் திறந்து வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். பேருக்கு இரண்டு காலியிடம் வைத்துப் புது மாதிரி வாசகம் எழுதலாம். முப்பதும் முப்பதும் அறுபது ஆகிவிடும், எந்தப் பேரும் அடங்கும். ஆனால் அதற்குப் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். அது நாளைக்கும் வரலாம், நாளை மறுநாளும் வரலாம். மழை அவ்வளவு நேரம் பொறுக்காது. இருக்கிற மாதிரியை வைத்துக்கொண்டு, இருக்கிற முப்பதுக்குள், பேரைத்தான் மாற்ற வேண்டும். எந்தச் சொல்லை எடுப்பது என்று நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தாள். எல்லாமே முப்பதுக்குள் வந்தன. எதையும் தானாகப் போட்டுவிடப் பயமாக இருந்தது. முதல் தடவை அப்படித்தான் போட்டாள்.

ஜெயங்கொண்டத்தில் இளவரசன் பைக்கோடு நின்றான்.

செல்வாம்பாளின் களம் வாய்க்கால் ஓரமாக இருந்தது. நீல நிறத் தார்ப்பாய் ஒன்று மூட்டைகளின் மேல், அது பறக்காமல் இருக்க நாலு பக்கமும் செங்கல். அந்தம்மா மூட்டைகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கயிறு அவிழ்ந்த ஒரு சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசிருக்கும். வந்தவர்களை நிமிர்ந்து பார்த்தாள், வாருங்கள் என்று சொல்லவில்லை.

இளவரசன், இவங்கதான் மெசேஜ் எழுதுறவங்க என்று அறிமுகம் செய்துவைத்தான். அது எப்படிப்பட்ட அறிமுகம் என்று சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"நீதானா அது," என்றாள் செல்வாம்பாள். "சின்னப் புள்ளையா இருக்க."

பிரவீணா பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "அம்மா, அதுல செல்னு இருந்தது போகச் சொன்னது இல்லீங்க. அது உங்க பேரு. பேரு பாதியில அறுந்துபோச்சு. அறுத்தது நாந்தான்."

"எம்பேரா."

"செல்வாம்பாள்ல செல்."

அந்தம்மா பிரவீணாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாக்குக்குள் இருந்த கையை வெளியே எடுக்காமல். பிறகு, யாரையும் படிக்கச் சொல்லவில்லை என்றாள். தான் அஞ்சாங்கிளாஸ், எழுத்துக்கூட்டித் தானேதான் படித்ததாகச் சொன்னாள். கொழுந்தன் மகனிடம் காட்டியிருக்கலாம், இளவரசனுக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருத்தருக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்ததாம்.

"நாலு தடவ படிச்சேன் பாப்பா. நாலு தடவையும் அதான் இருந்துச்சு. போன்னு வாயால சொல்றவன் சொல்லிட்டுப் போயிடுறான். இது எழுத்துல வந்துச்சு. புள்ளி வேற வச்சிருந்துச்சு."

தார்ப்பாய் காற்றில் ஒரு பக்கம் தூக்கித் தூக்கி அடித்தது. இளவரசன் போய் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றான்.

"இவ்வளவு பெரிய ஃபோனுல எம்பேருக்கு எடம் இல்லையா?"

"இருக்குங்க. முப்பது எடம் இருக்கு." மண்ணில் விரலால் எழுதிக் காட்டினாள் பிரவீணா. செல்வாம்பாள் என்று எழுதி, செ, ல், வா, ம், பா, ள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டாள். நமக்கு ஆறு எழுத்து. ஃபோன் கொம்பைத் தனியாக எண்ணும், காலைத் தனியாக எண்ணும், புள்ளியையும் தனியாக எண்ணும். அதற்கு இது பன்னிரண்டு. சாமிதுரை எட்டு. மனைவி அஞ்சு. காலஞ்சென்ற பத்து. நடுவில் விடுகிற இடைவெளிக்கும் ஒவ்வொன்று. எல்லாம் சேர்ந்து முப்பத்தெட்டு. எட்டு மிஞ்சிவிட்டது, அதைத்தான் அறுத்தேன்.

செல்வாம்பாள் மண்ணில் இருந்ததைப் பார்த்தாள். "காலஞ்சென்றது மொதல்ல வந்து குந்திக்கிச்சாக்கும். எம்பேரு கடைசியில நின்னுச்சு."

"ஆமாங்க."

"அவரு செத்தது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதா. அத எனக்கே எதுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு."

"அப்ப அத எடுத்துடலாங்களா? வெறும் உங்க பேரு மட்டும் போட்டுடட்டா?"

"அவரு பேரு இருக்கட்டும்," என்றாள் சட்டென்று. "பங்கு போட்டது அவரு. மாடு வித்துப் போட்டாரு." பிறகு, "மனைவின்னு வேணாம். அவரு பேரு பக்கத்துல எம்பேரு இருந்தா என்னன்னு எல்லாருக்கும் வெளங்கும்," என்றாள்.

பிரவீணா ஃபோனை எடுத்து அடித்தாள். சாமிதுரை செல்வாம்பாள். இருபத்தொன்று. இன்னும் ஒன்பது இடம் காலியாக இருந்தது. அந்த ஒன்பதைப் பார்த்தவுடன்தான் அவளுக்குத் தோன்றியது. 'அவர்கள்' ஏழு, முன்னால் ஓர் இடைவெளி, எட்டு. மாதிரியிலிருந்து அவள் தூக்கிப் போட்ட சொல்லைப் பேரோடு சேர்த்துக் காலியிடத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். ஒப்புதல் வாங்கிய எழுத்தில் ஒரு புள்ளி மாறாது. இருபத்தொன்பது. அடங்கியது.

அவள் அதைச் சொல்லவில்லை. அடித்து மட்டும் வைத்தாள்.

அதற்குள் சுதர்சன் லைனில் வந்தார். அனஸ் பாயின் மெயில் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. முதலில் கொஞ்சம் சத்தம் போட்டார். கம்பெனி மேல் இப்படி ஒரு கெட்ட பேர் வந்தால் அது போக எத்தனை நாள் ஆகும், ஜனங்க என்ன நினைப்பாங்க என்று கேட்டார். பிரவீணா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்தபின் அவர் குரல் இறங்கியது. முறை தவறியது அந்தம்மா தப்பில்லை என்று எழுத்தில் வந்துவிட்டதால் இன்றைக்கே எடுக்கலாம், கேட்டை ஏழு மணிவரை திறந்துவைக்கச் சொல்கிறேன் என்றார். ஆனால் வாட்ச்மேன் மெசேஜ் பார்க்காமல் யாரையும் விட மாட்டார், தானே போனாலும் விட மாட்டார், அப்படித்தான் உத்தரவு. மெசேஜில் இருக்கும் மூட்டையும் வண்டியில் இருக்கும் மூட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிரவீணா தேதியை இன்றைக்கு மாற்றினாள், 24-01. நாற்பத்திரண்டை அப்படியே விட்டுவிட்டு அனுப்பப் போனாள். விரல் அந்தப் பொத்தானுக்கு மேல் நின்றது. இதையும் கேட்காமல் போடுகிறோமே என்று தோன்றியது.

"அம்மா, நாப்பத்திரெண்டுதானே?"

செல்வாம்பாள் சாக்கிலிருந்து கையை வெளியே எடுத்துத் திறந்து காட்டினாள். நெல்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக ஒரு முளை.

முந்தாநாள் மழையில் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் ஓடியிருந்தது. மேலே இருந்தவை தப்பின. அடி வரிசை முழுக்கப் போய்விட்டது. இளவரசனும் செல்வாம்பாளும் சேர்ந்து மேலே இருந்ததையெல்லாம் நகர்த்தி, தொட்டுத் தொட்டுப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் பிரித்தார்கள். பிரவீணாவும் ஒரு முனையைப் பிடித்தாள். சாக்கின் ஈரம் சுடிதாரில் இறங்கியது. முளைத்த நெல்லுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு, அது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முப்பத்தொண்ணு," என்றாள் செல்வாம்பாள். "இருக்குறத போடு பாப்பா."

முப்பத்தொன்று என்று போட்டாள். அனுப்பினாள். மூன்று பேரும் அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். களத்தில் சிக்னல் சுமாராகத்தான் இருந்தது. ஒரு காக்கை தார்ப்பாய் மேல் வந்து உட்கார்ந்து பறந்தது. பிறகு அந்தம்மாவின் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் ஒரு சத்தம் கொடுத்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஃபோனைத் தள்ளிப் பிடித்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிரவீணா அந்த உதட்டையே பார்த்தாள். சா, மி, து, ரை. அங்கே கொஞ்சம் நின்றது. செ, ல். அங்கேயும் நின்றது. பிறகு வா, ம், பா, ள். அதற்கப்புறமும் உதடு அசைந்தது.

"அவர்கள்னு இருக்கு."

"ஆமாங்க."

"யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. எடம் இருந்துச்சு."

செல்வாம்பாள் ஃபோனை மடித்த முந்தானையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "மொதத் தடவையும் இருந்துருக்கும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்துத் தெரு டிராக்டர் வந்தது. மூட்டை ஏற்றி முடிக்கும்போது முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாயை எடுத்து டிராக்டர் மேல் போட்டுக் கட்டினார்கள். கெட்டுப்போன பதினொரு மூட்டையும் மூடுவதற்கு ஒன்றுமில்லாமல் களத்திலேயே கிடந்தன. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், அறிவரசன் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். செல்வாம்பாள் டிராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். அந்தப்பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பில் ஃபோன் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கேட்டில் வாட்ச்மேன் அவள் ஃபோனை வாங்கிச் சத்தமாகப் படித்ததாகவும், அவர்களே வாங்க என்று கும்பிடு போட்டு வழிவிட்டதாகவும், அந்தம்மா சிரிக்கவில்லை என்றும் இளவரசன் பிறகு சொன்னான். அப்போது பிரவீணா ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நின்றிருந்தாள்.

மறுநாள் ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தாள். பேருக்கு இரண்டு காலியிடம் வைத்து, 'அவர்கள்' சேர்த்து, புது மாதிரி ஒன்று எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினாள். நீளமான பேர்களுக்கு அது எழுபதைத் தாண்டும், இரண்டு மெசேஜ் காசு ஆகும். அந்தக் கூடுதலை இந்தப் பருவம் முழுக்கத் தானே ஏற்றுக்கொள்வதாக அனஸ் பாய் சுதர்சனுக்கு எழுதியிருந்தார். கான்ட்ராக்ட் அடுத்த வருஷம் இருக்குமா என்று சுதர்சன் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

பிறகு பட்டியலைத் திறந்து, காலஞ்சென்ற என்று ஆரம்பிக்கும் பேர்களை மட்டும் பிரித்தெடுத்தாள். முதல் வரியில் இருந்தது, காலஞ்சென்ற முத்தமிழ்செல்வன் மனைவி சின்னம்மாள். போன வாரம் அது எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்தாள்.

'காலஞ்சென்ற முத்தமிழ்செல்வன் மன. நெல் 18 மூட்டை. நாள் 22-01. மதகடி'

சின்னம்மாளின் பேரில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை. அந்தம்மா முறைக்கு வந்து நெல்லைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். அதனால் யாரும் கேட்கவில்லை.

பிரவீணா நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது ஒரு பெண் குரல், பின்னால் ஆடு கத்தியது.

"சின்னம்மாள் அம்மாங்களா? மதகடியிலேருந்து மெசேஜ் அனுப்புறவ பேசுறேன். உங்க பேர எப்படிப் போடணும்னு சொல்லுங்க."

அந்தப்பக்கம் ஆடு மட்டும் இன்னொரு தடவை கத்தியது. யாரும் அதுவரை கேட்டதில்லைபோல. பிரவீணா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.